வரவேற்புப் பாட்டில் கடவுள் யாருடையவர்?

வேற்றுச் சமயத்தார் ஒரு கோயில் மண்டபத்துக்கு விருந்தினராக வருகிறார்கள். அவர்களை வரவேற்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். அந்தப் பாட்டில் கடவுளைச் சொல்லலாமா, கூடாதா? சொன்னால் எவ்வாறு சொல்வது? இது சொல்லழகு பற்றிய வினாப் போலத் தோன்றும். எழுத அமர்ந்த பிறகுதான், இது நேர்மை பற்றிய வினா என்பது எங்களுக்குப் புலனாயிற்று.

நிகழ்ச்சி மிகச் சிறியது. தலைநகர் தில்லியில் அரசு ஊழியர் குடியிருப்பொன்றை அடுத்து எங்கள் முருகன் கோயில் உள்ளது. அதனை ஒட்டி ஒரு மண்டபம். மார்கழியில் திருப்பாவை வகுப்பு, கோடையில் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு, இடையிடையே மணிவிழாக்கள் என்று அம்மண்டபம் ஓய்வறியாதது. ஓராண்டு மழைக்காலத்தில் அதன் கூரை ஒழுகத் தொடங்கிப் பழுதுபார்க்க நான்கு மாதமாயிற்று. அந்நான்கு மாதமும் தமிழ் வகுப்பு நடக்க இரண்டு தெரு தள்ளியிருந்த தமிழ்த் திருச்சபையார் தங்கள் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். வாடகை என்ற பேச்சே எழவில்லை. கூரை சீரானதும் பொங்கல் மாலையன்று அச்சபையின் குடும்பங்களையும், எங்கள் தெருவிலேயே வாழும் கீழக்கரைக் குடும்பம் ஒன்றையும் மண்டபத்துக்கு அழைப்பதென்று குழு முடிவு செய்தது. குழந்தைகள் வரவேற்புப் பாட்டுப் பாடுவார்கள் என்றும், பாட்டை எழுதும் பொறுப்பு எங்கள் மூவருடையது என்றும் அதே கூட்டத்தில் தீர்மானமாயிற்று. மூவருள் ஒருவர் அலுவலகத்தில் கோப்புக்கு வரைவு எழுதிப் பழகியவர். ஒருவர் இசை கற்பிக்கும் அம்மையார். ஒருவர் வங்கிப் பணியில் ஓய்வு பெற்றவர். கவிஞர் ஒருவரும் இலர். இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

முதல் வரைவு ஒரே மாலையில் முடிந்தது. எளிதாக முடிந்தபோதே ஐயம் எழுந்திருக்க வேண்டும். அதன் பல்லவி இது:

வேலவன் அழைத்தான் வந்தீரே – அவன்
திருவடி நிழலில் நின்றீரே

எங்கள் செவிக்கு இது இனிமையாகவே இருந்தது. அழைத்தது நாங்கள் என்று சொன்னால் தற்பெருமை, முருகன் என்று சொன்னால் பணிவு என்றே எண்ணினோம். சபையின் பாடற்குழுவை நடத்துபவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை நாங்கள் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். அவரிடம் தாளைக் காட்டினோம். அவர் இருமுறை படித்தார். முகம் மாறவில்லை.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்க வந்தது நீங்க கூப்பிட்டதாலே. அதை மாத்திப் பாடினா, நாங்க வந்த காரணமே மாறிப்போகுதே” என்றார்.

அவர் சொன்னதில் கோபம் இல்லை. ஒரு பிழைதிருத்தம் இருந்தது. ஒருவர் ஏன் வந்தார் என்பதைச் சொல்லும் உரிமை வந்தவருக்கே உண்டு. ‘திருவடி நிழலில் நின்றீரே’ என்னும்போது, அவர் செய்யாத ஒரு வழிபாட்டை அவர் செய்ததாக நாங்கள் எழுதிவிடுகிறோம். அதுவும் அவர் எதிரே அமர்ந்திருக்க, மறுப்புச் சொல்ல இயலாத ஒரு நிலையில். மாலை அணிவித்து ஒருவர் வாயை மூடுவதற்கும் இதற்கும் வேறுபாடு குறைவே.

இரண்டாம் வரைவில் எதிர்ப்பக்கம் சாய்ந்தோம்.

பேர்கள் பலவே பொருள் ஒன்றே – நாம்
பேசும் தெய்வம் எல்லாம் ஒன்றே

நம்மவருள் பெரும்பாலோர் இத்தகைய நிகழ்ச்சிக்கு எழுதக்கூடிய பாட்டு இதுதான். ஒவ்வொரு சமயத்தின் கடவுளையும் பெயர் சொல்லி ஒரு வரியில் அடுக்கி, எல்லாம் ஒன்றே என்று முடித்துவிட்டால் ஒருவரும் விடுபடவில்லை என்ற நிறைவு நமக்கு உண்டாகிறது. ஆனால் ‘எல்லாம் ஒன்றே’ என்பதும் ஒரு கொள்கையன்றோ? நம் மண்ணில் நெடுங்காலமாக வேரூன்றிய கொள்கை என்பதால் அது கொள்கை என்பதே நமக்குத் தெரிவதில்லை. காற்றைப் போல எங்கும் உள்ளது என்று எண்ணிவிடுகிறோம். அண்ணாச்சியின் நம்பிக்கைப்படி எல்லாம் ஒன்று அன்று. கீழக்கரையிலிருந்து வந்த பாய் அவர்களின் நம்பிக்கைப்படி, ஒருவனாகிய இறைவனுக்கு இணை கூறுதல் ஆகாது; அவன் பெயரை வேறு பெயர்களுடன் ஒரு தட்டில் வைப்பதே அவருக்குக் கூச்சம் தரும். முதற்பாட்டு அவர்களை முருகனடியாராக்கிற்று என்றால், இரண்டாம் பாட்டு அவர்களை நம் தத்துவத்தின் மாணாக்கராக்கிற்று. இரண்டாவது மென்மையானது என்பதாலேயே கண்டுகொள்ளக் கடினமானது.

வியப்பு என்னவெனில், இதற்கு மறுப்பு முதலில் வந்தது விருந்தினரிடமிருந்து அன்று, எங்கள் குருக்களிடமிருந்தே. “எல்லாம் ஒன்று என்றால், நான் விடியற்காலை நாலரை மணிக்குத் தில்லிக் குளிரில் தண்ணீரை எடுத்து அபிஷேகம் செய்வது இந்த மூர்த்திக்கு என்று எதற்குச் சொல்ல வேண்டும்?” என்றார் அவர். தம் மூர்த்தியை இன்னதென்று அறிந்து தொழுபவருக்குத்தான் அண்டை வீட்டார் தொழுவது வேறு என்பதும் தெளிவாகத் தெரியும் போலும்.

மாயூரத்தில் முனிசீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) இவ்வழியில் நடந்து வென்றவராயிற்றே என்று எங்களுள் ஒருவர் கேட்டார். கத்தோலிக்கரான அவர் இயற்றிய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யில் ஒரு சமயத்துக்கே உரிய தெய்வப் பெயர்களைத் தவிர்த்து, கடவுளை எவரும் விளிக்கத்தக்க சொற்களால் விளித்தார். இசை மேடைகளில் எல்லாச் சமயத்துப் பாடகரும் அவற்றைப் பாடினர். உண்மைதான். ஆயின் அங்கே எல்லாரும் ஒரே பக்கம் நின்று கடவுளை நோக்கிப் பாடுகிறார்கள். வரவேற்புப் பாட்டின் இலக்கணம் வேறு. அதில் வீட்டார் ஒரு பக்கம், வந்தவர் ஒரு பக்கம். பாடுவது ஒருவரை ஒருவர் நோக்கி. இரண்டு பக்கம் உண்டு என்பதை மறைத்தால் வரவேற்பே இல்லாமற்போகும்.

மூன்றாம் வரைவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடவுளையே எடுத்துவிட்டு, அன்பர்காள் வருக, அரங்கம் பொலிக என்று எழுதினோம். “இது நல்ல பாட்டு, நாங்கள் வங்கிக் கிளை திறந்தபோதும் இதைப் பாடியிருக்கலாம்” என்றார் ஓய்வு பெற்ற நண்பர். அண்ணாச்சியோ அதைப் படித்துவிட்டு, “உங்க கோயிலுக்குன்னு சொல்லித்தானே கூப்பிட்டீங்க? இதிலே கோயிலைக் காணோமே” என்றார். விருந்தினருக்காக நம் வீட்டுப் படங்களையெல்லாம் கழற்றி மறைத்துவைத்தால், அவர் வந்தது யார் வீட்டுக்கு என்பது அவருக்கே விளங்காது. மேலும், இவர்கள் எதற்காக மறைக்கிறார்கள், நான் பொறுக்கமாட்டேன் என்று நினைத்தார்களோ என்ற வருத்தமும் எழக்கூடும்.

இவ்வளவில் இரண்டு வாரம் கழிந்தது. அப்போது அம்மையார் ஒரு செய்தியைச் சொன்னார். அதுவே முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிற்று. பாட்டைக் குழந்தைகள் பாடினாலும், பல்லவி மூன்றாம் முறை வரும்போது அவையினர் தாமாகவே சேர்ந்து பாடிவிடுவார்கள். அதைத் தடுக்க முடியாது என்றார். அனுபல்லவியும் சரணமும் மேடையோடு நிற்கும். பல்லவி மட்டும் மேடையைவிட்டு இறங்கி நாற்காலிகளுக்கிடையே நடக்கும். ஆகவே, விருந்தினர் வாயால் பாட நேரும் பகுதி பல்லவி. அவர் செவியால் கேட்க மட்டும் நேரும் பகுதி சரணம். இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்ததுதான் எங்கள் பிழை.

ஒருவர் செவி ஏற்கக்கூடியது அவர் வாய் ஏற்கக்கூடியதைவிட மிகுதி. அண்டை வீட்டார் தம் தெய்வத்தைப் புகழ்வதை நாம் மரியாதையோடு கேட்கலாம். அதனால் நம் நம்பிக்கைக்கு ஒன்றும் நேர்வதில்லை. அதையே நம் வாயால் சொல்லச் செய்தால் நிலைமை வேறு. எனவே பல்லவியில் உள்ள ஒவ்வொரு சொல்லும் அவையிலுள்ள அனைவருக்கும் உண்மையாக இருத்தல் வேண்டும். சரணத்தில் உள்ளது பாடுபவருக்கு உண்மையாகவும், கேட்பவருக்கு இழுக்கில்லாமலும் இருந்தாற் போதும்.

இதற்கு நம் மொழி ஒரு கருவியை ஆயத்தமாக வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழில் இரண்டு: எதிரே நிற்பவரையும் உட்படுத்துவது ‘நாம்’; அவரை நீக்கிச் சொல்வது ‘நாங்கள்’. முன்னிலையாரை உளப்படுத்தும் முன்னதை இலக்கண நூலார் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். அன்றாடப் பேச்சில் நாம் இதனைப் பிழையின்றி ஆள்கிறோம். ‘நாம் சாப்பிடலாம்’ என்றால் விருந்தினருக்கும் இலை உண்டு. ‘நாங்கள் சாப்பிடுகிறோம்’ என்றால் இல்லை. தில்லியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் சிலர் இந்தியின் பழக்கத்தால் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள் என்பது தனிக் கவலை. அது வேறு கட்டுரைக்குரியது. எங்கள் இரண்டாம் வரைவின் குற்றம் முழுவதும் ‘நாம் பேசும் தெய்வம்’ என்ற இடத்தில் வந்த அந்த ஒரு ‘நாம்’தான் என்பது இப்போது விளங்கிற்று. நட்பாகத் தோன்றும் சொல். ஆனால் கேளாமலே பிறரை உள்ளே இழுத்துக்கொண்ட சொல்.

ஆகவே பல்லவி ‘நாம்’ என்றும், சரணம் ‘நாங்கள், நீங்கள்’ என்றும் பகுத்தோம். எல்லாருக்கும் உண்மையான செய்திகள் யாவை என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது பட்டியல் சிறிதாகவே இருந்தது. ஒரே தெருவில் வாழ்கிறோம். ஒரே மொழி பேசுகிறோம். அன்று ஒரே பந்தியில் உண்ணப்போகிறோம். இவ்வளவே.

ஒருதெரு நாம் ஒருமொழி நாம் – இன்று
ஒருபந்தி அமர வந்தோம் நாம்

சரணந்தான் கடினமாக இருந்தது. அங்கேதான் கடவுள் வரவேண்டும். விருந்தினரை வாழ்த்த வேண்டும். வாழ்த்து என்றால் யார் பெயரால்? இவ்விடத்தில் தொல்காப்பியம் கைகொடுத்தது. செய்யுளியலில் புறநிலை வாழ்த்து என்றொரு வகை கூறப்படுகிறது. நீ வழிபடும் தெய்வம் நின்னைப் புறத்தே நின்று காக்க, நீ குற்றமற்ற செல்வத்தோடு உன் வழிவழியாகச் சிறந்து பொலிக என்று வாழ்த்துவது அது. கலிப்பாவிலும் வஞ்சிப்பாவிலும் அது வராது என்ற வரையறையும் உண்டு. கல்லூரியில் தேர்வுக்காக இதனை மனப்பாடம் செய்தபோது, யாப்பு வகையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டோம். வாழ்த்துபவன் தன் தெய்வத்தை அழைக்கவில்லை. வாழ்த்தப்படுபவன் வழிபடும் தெய்வத்தை அழைக்கிறான். அத்தெய்வத்தின் பெயரையும் அவன் சொல்வதில்லை. பெயரைச் சொல்லும் உரிமையைத் தொழுபவனிடமே விட்டுவிடுகிறான்.

ஆனால் ‘வழிபடு தெய்வம்’ என்ற அச்சொற்களை அப்படியே எடுக்க இயலவில்லை. தெய்வம் என்ற சொல் கிறித்தவர், முஸ்லிம்கள் செவியில் நம் கோயில் மூர்த்தியையே நினைவூட்டும். தேவன், கர்த்தர் என்பன திருச்சபையின் வழக்கு. அவற்றை நாங்கள் எடுத்தால் இரவல் உடையாகும். ‘இறைவன்’ என்ற சொல்லோ முச்சமயத்தாரும் தத்தம் மொழியாகவே வழங்குவது. வினைச்சொல்லைத் தேடியபோது இன்னும் நல்ல பேறு கிட்டியது. ‘தொழுதல்’ என்பது நாம் கோயிலில் செய்வது. விவிலியத் தமிழில் தொழுதுகொள்ளுதல் என்று வருவது. முஸ்லிம்கள் நாள்தோறும் ஐந்து வேளையும் நிறைவேற்றுவதற்குத் தொழுகை என்றே பெயர். மூன்று வீட்டிலும் ஒரே சொல் புழங்குகிறது. ஒருவரும் மற்றவரிடம் கடன் வாங்கியதாக எண்ணுவதில்லை.

நாங்கள் தொழுவது வேலவனை – எங்கள்
நாவில் இருப்பது அவன்பெயரே
நீங்கள் தொழும்இறை உங்களைக் காக்க
நெஞ்சார எங்கள் வாழ்த்திதுவே

‘நாங்கள், நீங்கள்’ என்பவை எதுகையாகத் தாமே அமைந்தன. அதில் எங்கள் திறமை ஒன்றும் இல்லை.

பாட்டு முடிந்தது என்று எண்ணிக் குழுவில் வைத்தோம். அங்கே ஒரு பெரியவர், கோயிலுக்கு முதற்கல் எடுத்துக் கொடுத்தவர்களில் ஒருவர், எழுந்து நின்றார். “நம் மண்டபத்தில் நின்றுகொண்டு, உங்கள் இறைவன் உங்களைக் காக்க என்று பாடினால், நம் முருகன் அவர்களைக் காக்கமாட்டான் என்று பொருளா? நாம் நம்பாத ஒன்றை நம் பிள்ளைகள் வாயால் வேண்டச் சொல்லலாமா?” என்று கேட்டார்.

விருந்தினர் வாயைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட நாங்கள், வீட்டார் வாயைப் பற்றி எண்ணவில்லை. ‘காக்க’ என்பது வியங்கோள் வினைமுற்று, அது செய்தி அன்று. எனவே மெய், பொய் என்ற வினா அதற்கு எழாது என்று எங்களுள் ஒருவர் இலக்கணம் பேசினார். வேண்டலும் வாழ்த்தலும் வியங்கோளின் பொருள்கள் என்பது சரிதான். ஆனால் பெரியவருக்கு அது வழக்கறிஞர் வாதமாகப் பட்டது. எங்களுக்கும் அப்படித்தான் பட்டது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம். உள்ளத்தில் இல்லாத வாழ்த்து வியங்கோளில் இருந்தாலும் உள்ளீடற்றதே.

வாக்கெடுப்புக்கு விட்டிருந்தால் பாட்டு வென்றிருக்கும். அப்படிச் செய்யவில்லை. இதே தில்லியில், 1947 ஏப்ரலில், காந்தியடிகள் வால்மீகி கோயிலில் தங்கியிருந்தபோது நிகழ்ந்ததை ஒருவர் நினைவூட்டினார். மாலை வழிபாட்டுக் கூட்டத்தில் குர்ஆன் பகுதி ஓதப்படுவதற்குச் சிலர் மறுப்புத் தெரிவித்தனர். பெருங்கூட்டம் அடிகள் பக்கமே இருந்தது. ஆயினும் மறுப்பவரை அடக்கிவிட்டு வழிபாடு நடத்த அவர் உடன்படவில்லை, வழிபாட்டையே நிறுத்தினார். ஓதுவதைக் கைவிடவும் இல்லை, மறுத்தவரைப் புறந்தள்ளவும் இல்லை, காத்திருந்தார். அவரோடு எங்களை ஒப்பிடுவது நகைப்புக்கிடம். எனினும் ஒரு பாட்டுக்காகக் காத்திருப்பது எங்களாலும் இயலும் என்று தோன்றிற்று.

பத்து நாட்களுக்குப் பின் பெரியவரே வந்தார். அவர் நெஞ்சில் இருந்தது வேறொன்று. சபையின் கூடத்தில் பேரனை விட்டுவிட்டுக் காத்திருந்த நாட்களில், அங்கிருந்த மூதாட்டி ஒருவர் நாள்தோறும், “கர்த்தர் உம்ம பேரப்பிள்ளையை ஆசீர்வதிப்பார்” என்று சொல்வாராம். “அந்த அம்மா தன் கடவுளிடம் எனக்காகச் சொன்னாள். அது எனக்கு உவப்பாகவே இருந்தது. என் கடவுள் பெயரால் அவள் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்” என்றார். அப்படியானால் நாமும் நம் முருகனிடம் அவர்களுக்காகச் சொல்வதன்றோ முறை என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் எண்ணினார். “சொல்லலாம். ஆனால் அதை வீட்டில் நின்று சொல்வேன். மேடையில் நின்று, இத்தனை பேரைக் கூட்டிவைத்துச் சொன்னால், அது அவர்களுக்கு வேண்டுதலாகக் கேட்காது, முழக்கமாகக் கேட்கும்” என்று அவரே விடையும் சொன்னார். பிறகு ஒரு நிபந்தனை விதித்தார். எங்கள் முதற்படியில் ‘நீங்கள் தொழும்இறை’ என்பது முன்னாலும், ‘நாங்கள் தொழுவது’ என்பது பின்னாலும் இருந்தது. அதை மாற்றி, நாம் யார் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு வாழ்த்துக என்றார். தன் பெயரைச் சொல்லாமல் வாழ்த்துபவன் வாழ்த்து எங்கிருந்து வருகிறது என்று தெரியாதல்லவா என்றார். மேலே நாம் எழுதிக் காட்டியிருப்பது அவர் திருத்திய வரிசையே.

அண்ணாச்சிக்கும் இவ்வரிகளில் ஒரு குறை இருந்தது, மறைக்கவில்லை. “உங்களுக்கு ஒருத்தர், எங்களுக்கு ஒருத்தர்னு ஆகுதே. எங்க நம்பிக்கையிலே அப்படி இல்லை” என்றார். அதற்கு எங்களிடம் மாற்று இல்லை. அவரே தொடர்ந்து, “ஆனா இது நீங்க பாடறது, நாங்க கேக்கறது. கேக்கலாம். நான் பாட முடியாது, அவ்வளவுதான்” என்றார். வாய்க்கும் செவிக்கும் உள்ள வேறுபாட்டை நாங்கள் சொல்லாமலே அவர் தொட்டது எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. எல்லாரும் முழுமையாக உடன்படும் சரணத்தை எழுத எங்களால் முடியவில்லை. முடியுமென்றும் இன்று எண்ணவில்லை.

இசையிலும் ஓர் இடறல் நேர்ந்தது. குழந்தைகளுக்கு எளிதாக இருக்கட்டுமென்று எல்லாரும் அறிந்த முருக பக்திப் பாட்டொன்றின் மெட்டில் சொற்களைப் பொருத்தியிருந்தோம். ஒத்திகையின்போது இரண்டு சிறுவர்கள் தம்மையறியாமல் மூலப் பாட்டின் சொற்களுக்கே தாவிவிட்டார்கள். ஒரு மெட்டுக்குத் தன் பழைய சொற்கள் மறப்பதில்லை. புதுச்சொற்களைப் பாடினாலும் கேட்பவர் நெஞ்சில் பழையவையே ஒலிக்கும். பல்லவியில் நீக்கிய முருகன் மெட்டின் வழியாகத் திரும்பி வந்து நின்றான். அம்மையார் மெட்டை மாற்றி, மோகன இராகத்தில், ஆதி தாளத்தில் அமைத்தார். ஐந்தே சுரங்கள் கொண்ட இராகமாதலால் பயிற்சியில்லாத குழந்தைகளும் இடறாமல் பாடலாம். திருச்சபைக் கீர்த்தனைகளைப் பாடிப் பழகியவர் செவிக்கும் அது அயலானதன்று.

இரண்டாம் சரணம் கூரை பற்றியது. அது சிக்கலின்றி எழுந்தது. நடந்ததை நடந்தபடி சொல்வதாதலால்.

மழையில் எம்கூரை ஒழுகிய நாளில்
மணிக்கூண் டின்கீழ் இடம்தந்தீர்
அழைக்கும் முறையோ இன்றெம தாகும்
ஆறும் முன்னே பொங்கல் உண்பீர்

இதன் ஈற்றடியில் முதலில் ‘பிரசாதம்’ என்றிருந்தது. படைக்கப்பட்ட உணவை உண்பது பற்றிக் கிறித்தவர்களிடையே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய நாள் தொட்டே பேச்சு உண்டு. சிலர் உண்பர், சிலர் உண்ணார். முஸ்லிம்களும் படைத்ததை ஏற்பதில்லை. பாட்டில் ‘பொங்கல்’ என்று மாற்றியதோடு நின்றால் அது சொல்மாற்றம் மட்டுமே. இலையில் பழைய பொருளே இருக்கும். ஆதலால் மண்டபத்துச் சமையற்கட்டில் படையலுக்குச் செல்லாத பொங்கல் தனிப் பானையில் வைக்கப்பட்டது. கோயில் பொங்கல் கோயிலிலேயே வழங்கப்பட்டது. பாட்டின் ஒரு சொல்லுக்காகச் சமையற்கட்டில் இன்னொரு பானை ஏறவேண்டியிருந்தது. நேரமும் அவ்வாறே. தை முதல் நாளில் தில்லியில் கதிரவன் மறைவது ஏறக்குறைய ஐந்தே முக்கால் மணி. ஐந்தரைக்கு என்று அச்சிடவிருந்த அழைப்பிதழை ஆறரைக்கு என்று மாற்றினோம். பாய் மாலைத் தொழுகையை முடித்துவிட்டு வரவேண்டுமே.

அன்று பாட்டு மூன்றரை நிமிடம் நடந்தது. நாங்கள் மூவரும் மேடையைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் நின்று விருந்தினர் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வரி தவறானால் அது முகத்தில் தெரியாது, பார்வையில் தெரியும். கண்கள் மேடையைவிட்டு மடியிலிருக்கும் கைகளுக்கு இறங்கும். சரணத்தில் வேலவன் பெயர் வந்தபோது ஒருவர் கண்ணும் இறங்கவில்லை. மூன்றாம் முறை பல்லவி வந்தபோது அம்மையார் சொன்னது போலவே பின்வரிசையிலிருந்து குரல்கள் எழுந்தன. அண்ணாச்சியின் குரல் அதில் தனியே தெரிந்தது. பாடற்குழு நடத்துபவர் குரலை அடக்குவது எளிதன்று.

இரண்டாம் சரணம் திருச்சபைக்கு மட்டுமே நன்றி சொல்கிறது, பாய் குடும்பத்துக்கு அதில் இடமில்லை என்பது பாடும்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பந்தியில் அவரிடம் வருத்தம் தெரிவித்தோம். “அதனாலென்ன, அடுத்த வருஷத்துக்குள்ளே நானும் உங்களுக்கு ஒரு கடன் கொடுத்து வைக்கிறேன்” என்று சிரித்தார்.

மறுஆண்டு வேறொரு குறை தெரிந்தது. சபையிலிருந்து வந்தவர்களுள் ஒரு மலையாளத் தம்பதியர் இருந்தனர்; பாய் வீட்டு மருமகன் இலக்னோவைச் சேர்ந்தவர். பல்லவியின் ‘ஒருமொழி நாம்’ இப்போது எல்லாருக்கும் உண்மையாக இல்லை. எங்கள் விதியை நாங்களே மீறலாகாதாகையால், நிகழ்ச்சிக்கு முந்திய மாலை மறுபடியும் மூவரும் அமர்ந்தோம். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது, அம்மையார் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “இந்த ஊரில் நம் எல்லாருக்கும் பொதுவாக வேறு என்னதான் இருக்கிறது?” என்றார். அவ்வாண்டு முதல் குழந்தைகள் ‘ஒருதெரு நாம் ஒருகுளிர் நாம்’ என்றே பாடிவருகிறார்கள்.